மூன்று வரிக்குள் ஒரு லட்சமாவது பம்ப்

கோவை ஆவாரம்பாளையத்தில் நீர்மூழ்கி மோட்டார் செய்யும் ஒரு குடும்ப நிறுவனம் கடந்த ஆண்டு தன் ஒரு லட்சமாவது பம்பை முடித்தது. பம்புக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டின் அருகே எல்லோரும் நின்று படம் எடுத்தாயிற்று. அந்தப் படத்தை லிங்க்ட்இன்னில் போட வேண்டும். கீழே என்ன எழுதுவது என்பதில் அப்பாவுக்கும் மகனுக்கும் இரண்டு நாளாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் இந்தப் பகுதி நிறுவனங்களுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுப்பவன் என்பதால் பஞ்சாயத்துக்கு என்னை அழைத்தார்கள்.

மகன் போனில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: "1,00,000 பம்புகள். பயணம் தொடர்கிறது." அப்பா கோடு போட்ட நோட்டில் நான்கு பக்கம் எழுதியிருந்தார். "எங்கள் ஐயன் ஒற்றை லேத்தோடு தொடங்கிய..." என்று ஆரம்பித்து, முதல் கடன் கொடுத்த வங்கி மேலாளர் முதல் டீ வாங்கி வந்த பையன் வரை 31 பேருக்கு நன்றி சொல்லி முடித்திருந்தார். "தம்பி, இதில் யாரையும் விட முடியாது, வருத்தப்படுவார்கள்" என்றார். மகன், "அப்பா, இதை யார் படிப்பார்கள்?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஆனால் இரண்டு வாசகமும் அப்படியே போட்டால் உருப்படாது.

நீளமா சுருக்கமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். லிங்க்ட்இன்னில் ஒரு பதிவுக்கு 3,000 எழுத்துக்குறி வரை இடம் உண்டு. 2021 வரை இது 1,300 ஆக இருந்தது. ஆனால் அந்த 3,000 முழுவதும் யார் கண்ணிலும் படுவதில்லை. படத்தோடு போடும் பதிவு போனில் ஏறக்குறைய மூன்று வரியோடு மடிந்துவிடும். அதற்குப் பின் "more" என்ற சொல்லைத் தொட்டால்தான் மீதி விரியும். கணினித் திரையில் இன்னும் கொஞ்சம் தெரியும், அதுவும் ஆங்கிலத்தில் சுமார் 200 எழுத்துக்குள்தான். வெற்று வரி விட்டால் அதுவும் ஒரு வரியாகவே கணக்கில் சேரும். "அனைவருக்கும் வணக்கம்" என்று எழுதி ஒரு வரி இடைவெளி விட்டவர், கையில் இருந்த மூன்றில் இரண்டைச் செலவழித்துவிட்டார்.

தமிழில் எழுதினால் இந்த இடம் இன்னும் சிறுக்கிறது. கணினிக்கு "கோ" என்பது ஒரெழுத்து அல்ல. க-வும் அதன் கொம்புக்காலும் தனித்தனிக் குறிகள். மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படியே. "கோயம்புத்தூர்" நமக்கு ஏழு எழுத்து, கணினிக்கு 13 குறி. ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10. போதாததற்கு நம் எழுத்துகள் அகலமானவை. என் போனில் ஒரு வரிக்கு நான்கு அல்லது ஐந்து தமிழ்ச் சொற்கள்தான் நிற்கின்றன. ஆக மடிப்புக்கு முன்னால் பன்னிரண்டு, பதின்மூன்று சொல். சுருக்கமாக எழுதுபவருக்கு மொத்த வீடும் அதுதான். நீளமாக எழுதுபவருக்கு அது வாசல்.

இந்த நிறுவனம் தமிழில் எழுதத் தீர்மானித்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் பேச விரும்பியது பொள்ளாச்சி, தாராபுரம், காங்கேயம் பக்கத்து டீலர்களோடும், பாலிடெக்னிக் முடித்து வேலை தேடும் பிள்ளைகளோடும். வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறவர்களாக இருந்தால் நானே ஆங்கிலம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில் மகன் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். சுருக்கம் தப்பில்லை, அவருடைய சுருக்கத்தில் ஒன்றும் இல்லை என்பதுதான் தப்பு. "பயணம் தொடர்கிறது" என்பதைப் பம்ப் கம்பெனியும் போடலாம், பல் ஆஸ்பத்திரியும் போடலாம். எண் மட்டும் நின்றாலும் போதாது. ஒரு லட்சம் என்பது பெரிய எண்ணா? பெரிய தொழிற்சாலைகளைப் பார்த்தவருக்கு அது பெரிதே இல்லை. பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறை என்று தெரிந்தால்தான் புருவம் உயரும். படத்தில் அது தெரிகிறதா என்று பார்த்தேன். மாலை தெரிகிறது, ஆட்கள் தெரிகிறார்கள். பின்னால் நீர்த்தொட்டி, காரை பெயர்ந்து, பாசி பிடித்து, நிறுவனம் தொடங்கிய நாளில் கட்டியது அப்படியே நிற்கிறது. அதன் ஓரத்தில் ஸ்பேனரோடு நிற்கும் ஃபிட்டர்தான் முதல் பம்பையும் அந்தத் தொட்டியில் இறக்கி ஓட்டியவர். இதைச் சொன்னபோது மகனே வியந்தார். தினமும் பார்க்கும் தொட்டி அது, அவருக்குச் செய்தியாகப் படவே இல்லை.

அதை வைத்து நான் எழுதிய முதல் சுருக்க வாசகம்:

"எங்கள் 1,00,000-ஆவது பம்ப் இன்று காலை டெஸ்ட் பெட்டைத் தாண்டியது. முதல் பம்பை ஓட்டிப் பார்த்த அதே தொட்டி, அதே ஃபிட்டர் அண்ணன்."

கணக்குப்படி 125 குறி, சின்னதுதான். ஆனால் போன் அகலத்துக்கு வரி பிரித்துப் பார்த்தபோது நான்கு வரி வந்தது. மூன்றாவது வரி "பார்த்த அதே" என்று நிற்க, தொட்டியும் ஃபிட்டரும் மடிப்புக்குள் போய்விட்டார்கள். சொல்ல வந்த பொருளே மறைந்துவிட்டது. நான்கு சொல்லுக்காக யாரும் "more" தொடுவதில்லை. தொட்டவரும் இவ்வளவுதானா என்று நினைப்பார். அதனால் இப்படி வெட்டினேன்:

"எங்கள் 1,00,000-ஆவது பம்ப். முதல் பம்பை ஓட்டிப் பார்த்த அதே தொட்டி, அதே ஃபிட்டர் அண்ணன்."

இப்போது மூன்று வரி, 90 குறிக்குள். படத்தைப் பார்க்கும் கண் தானாகத் தொட்டிக்குப் போகிறது, அடுத்து ஃபிட்டரின் முகத்துக்கு. சுருக்க வாசகம் செய்யக்கூடிய மிக நல்ல வேலை இதுதான்: படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டுவது. படத்தில் காட்ட ஒன்றும் இல்லாதபோது சுருக்க வாசகம் வெறும் அறிவிப்புப் பலகையாகிவிடும். பளிங்குத் தரையில் கேக் வெட்டும் படத்துக்கு எந்தச் சுருக்க வாசகமும் கை கொடுக்காது என்பது என் அனுபவம்.

சுருக்கத்தால் கிடைப்பதும் ஓர் எல்லைக்குள்தான். வாழ்த்துகள் குவியும். தெரிந்தவர்கள் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போவார்கள். கேள்வி வராது, ஏனென்றால் கேட்பதற்கு அதில் ஒன்றும் விட்டு வைக்கவில்லை. நிறுவனத்துக்கு வேண்டியது வாழ்த்து மட்டுமே என்றால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அப்பாவிடம் கேட்டேன்: "ஐயா, இந்த லட்சத்தில் நீங்கள் மறக்கவே முடியாத பம்ப் எது?" நன்றிப் பட்டியல் மனிதர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மேசையின் கீழிருந்து கருகிய மோட்டார் ஒன்றை எடுத்து வைத்தார். நான்கு பக்க நோட்டில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அந்தக் கதையிலிருந்துதான் நீள வாசகம் பிறந்தது. முழுவதையும் தருகிறேன்:

"2009 கோடையில் பல்லடம் பக்கம் அனுப்பிய 60 மோட்டார்களில் 23 கருகித் திரும்பி வந்தன.

எங்கள் ஐயன் ஒரு மோட்டாரைப் பிரித்து வைண்டிங்கை முகர்ந்து பார்த்தார். யாரையும் திட்டவில்லை.

தவறு எங்களுடையது. 415 வோல்ட் வரும் என்று நம்பிக் கம்பி சுற்றியிருந்தோம். தோட்டங்களில் மாலை நேரத்தில் 320கூட வரவில்லை. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். கம்பி சூடேறிக் கருகிவிடும்.

23 பேருக்கும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தோம். குறைந்த வோல்டேஜிலும் கருகாதபடி வைண்டிங்கைத் திருத்த ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் புது ஆர்டர் எடுக்கவில்லை.

இன்று காலை எங்கள் 1,00,000-ஆவது பம்ப் டெஸ்ட் பெட்டைத் தாண்டியது. 2009-இல் கருகிய மோட்டார்களில் ஒன்று இன்னும் எங்கள் அலுவலக மேசையின் கீழ் இருக்கிறது."

இது சுமார் 80 சொல். அப்பாவின் நோட்டில் கால் பங்குகூட இல்லை. மடிப்புக்கு முன்னால் தெரிவது முதல் வாக்கியம் மட்டும். கீழே மாலை போட்ட பம்ப், மேலே 23 மோட்டார் கருகிய சேதி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாமைதான் விரலை "more" பக்கம் இழுக்கிறது. இதையே "1,00,000-ஆவது பம்பை முடித்த மகிழ்ச்சியைப் பகிர்கிறோம்" என்று தொடங்கியிருந்தால் படிப்பவருக்கு முழுச் செய்தியும் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு எதற்கு விரிக்க வேண்டும்? நீள வாசகங்கள் பெரும்பாலும் தோற்பது நீளத்தால் அல்ல, முடிவை வாசலிலேயே சொல்லிவிடுவதால்.

விரித்துப் படித்தால் இன்னொரு பலனும் உண்டு. ஒருவர் ஒரு பதிவில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் வைத்துத்தான் எதை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்கிறோம் என்று லிங்க்ட்இன் பொறியாளர்கள் 2020-இல் வெளிப்படையாக எழுதினார்கள். அதை வைத்து நீளமாக எழுதினால் நல்லது என்று பலர் சொல்லிவிட்டார்கள். அது அரைக் கிணறு தாண்டிய பேச்சு. நின்று படித்தால்தான் நேரம் சேரும். நீளத்தைப் பார்த்து ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போனால் அந்த ஒரு நொடிதான் கணக்கு.

விற்பனை மேலாளருக்கு இந்த வாசகம் பிடிக்கவில்லை. "நம் மோட்டார் கருகியது என்று நாமே எழுதினால், எதிர்க் கம்பெனிக்காரன் இதைப் படம் பிடித்து டீலர்களுக்கெல்லாம் அனுப்புவான்" என்றார். நியாயமான பயம். நான் மூன்று கேள்வி கேட்டேன். அந்தக் குறை இப்போது முழுவதுமாகத் தீர்ந்துவிட்டதா? பாதிக்கப்பட்டவர்களுக்குக் கணக்கு தீர்க்கப்பட்டதா? அந்தப் பக்கத்து டீலர்களுக்கு இது ஏற்கெனவே தெரியுமா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வந்தது. பல்லடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதையை மறைத்து யாருக்கு லாபம்? ஒன்றுக்கு இல்லை என்று வந்திருந்தாலும் நீள வாசகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தொட்டியையும் ஃபிட்டரையும் வைத்தே முடித்திருப்பேன்.

31 பேர் நன்றி விஷயம் பாக்கி இருந்தது. பெயர்ப்பட்டியலைப் பதிவுக்குள் வைத்தால், பட்டியலில் இருப்பவர் தன் பெயரை மட்டும் தேடிப் படிப்பார். இல்லாதவர் எதையுமே படிக்க மாட்டார். அவர்களில் பாதிப் பேர் லிங்க்ட்இன்னிலேயே இல்லை. வங்கி மேலாளர் ஓய்வு பெற்று உடுமலையில் இருக்கிறார். அவருக்கு நேரில் போய் ஒரு பெட்டி இனிப்பு கொடுத்துவிட்டு வருவதுதான் மரியாதை என்று அப்பா தானே சொன்னார். அதோடு பட்டியல் முடிந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளம் உண்டு. நான் பார்க்கும் பதிவுகளில் அதுதான் அதிகம், அதுதான் மோசம். ஏழெட்டு வரி. மடிப்பைத் தாண்டும், ஆனால் தாண்டிப் போனவருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. "எங்கள் வாடிக்கையாளர்களின் நம்பிக்கையும் ஊழியர்களின் உழைப்பும் இல்லாமல் இது சாத்தியமில்லை" என்ற வாக்கியம் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். சுருக்கமாக எழுதத் தொடங்கி, கொஞ்சம் குறைவாகத் தெரிகிறதே என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சேர்த்தவர்களுக்கு நேர்வது இது. ஒரு வாசகம் மடிப்பைத் தாண்டிவிட்டால், மடிப்புக்குக் கீழே மேலே இல்லாத ஒரு சங்கதியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்று வரிக்கே திரும்பி வந்துவிடலாம்.

கதை இருந்தும் சுருக்கத்தையே தேர்ந்தெடுக்க வேண்டிய இடமும் உண்டு. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு 25 ஆண்டு நிறைவு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டபோது, அவர்கள் ஒரு பெரிய ஆர்டரை எப்படி முடித்துக் கொடுத்தார்கள் என்பது கேட்கக் கேட்கச் சுவையான கதை. ஆனால் அதில் வெளிநாட்டு வாடிக்கையாளரின் பெயர் வருகிறது, துணி எந்த ஊருக்குப் போய்ச் சாயம் ஏறியது என்பது வருகிறது. வாங்குபவரின் பெயரை அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்பது அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டால் கதையில் மிஞ்சுவது "பல சவால்களைக் கடந்தோம்" என்பதுதான். அப்படி எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: "25 ஆண்டுக்கு முன் வாங்கிய முதல் தையல் மிஷின். இன்றும் சாம்பிள் இதில்தான் தைக்கிறோம்." படம் மிஷினுடையது. அந்தப் படத்தையும் ஒரு முறை திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. முதல் படத்தில் மிஷின் மேல் கிடந்த பனியனின் லேபிள் தெளிவாகத் தெரிந்தது. லிங்க்ட்இன்னில் போட்ட பிறகு எழுத்தைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. லேபிள் தெரிந்துவிட்டால் பதிவையே அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும், வந்த கருத்துகளும் அதோடு போகும்.

ஆவாரம்பாளையத்துக்கு வருகிறேன். யாருடைய பக்கத்தில் போடுவது என்பதும் நீளத்தைத் தீர்மானிக்கிறது. நிறுவனத்தின் பெயரில் உள்ள பக்கத்தில் "எங்கள் ஐயன் முகர்ந்து பார்த்தார்" என்று எழுத முடியாது. நிறுவனத்துக்கு ஐயன் கிடையாது. அந்த வாசகத்துக்கு ஒரு மனிதரின் முகம் வேண்டும். ஆகவே நீளமானதை அப்பாவின் சொந்தப் பக்கத்தில் போட்டோம். "ஐயன்" என்ற சொல்லை "அப்பா" என்று மாற்றலாமா என்று மகன் கேட்டார். நான் விடவில்லை. பொள்ளாச்சிக்காரருக்கு அந்தச் சொல் ஒன்றே போதும், எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய. சுருக்கமானது, தொட்டிப் படத்தோடு, ஒரு வாரம் கழித்து நிறுவனப் பக்கத்தில் போனது. ஒரே நாளில் ஒரே படத்தை இரண்டு இடத்தில் பார்த்தால் இரண்டாவதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதால் அந்த இடைவெளி.

ஒன்றைத்தான் போட முடியும் என்றிருந்தால் எதைத் தேர்ந்திருப்பீர்கள் என்று மகன் கேட்டார். இந்த நிறுவனத்துக்கு நீளமானதை என்றேன். ஒரு லட்சம் என்ற எண் வெளியாருக்கு ஒன்றும் சொல்லவில்லை, 23 என்ற எண் சொல்கிறது. சிறிய எண்ணை விளக்கத்தான் இடம் வேண்டியிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து இரண்டு பதிவின் கணக்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விருப்பக் குறிகள் சுருக்கத்துக்குத்தான் அதிகம். மகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பார்க்கச் சொன்னது வேறு இடம். ஒரு பதிவைப் பார்த்தவர்கள் எந்த ஊர், என்ன வேலை என்பதை லிங்க்ட்இன் தொகுத்துக் காட்டும். சுருக்கத்தைப் பார்த்தவர்களில் பெரும்பகுதி கோவையிலேயே உள்ள சக தொழில்காரர்கள், நண்பர்கள், மாணவர்கள். நீளத்தைப் பார்த்தவர்கள் குறைவு, ஆனால் அதில் விற்பனை, கொள்முதல், பராமரிப்பு வேலையில் இருப்பவர்கள் முன்னால் நின்றார்கள். கருத்துப் பகுதியில் வாழ்த்துக்கு நடுவே ஏழு கேள்விகள். ஒரு பாலிடெக்னிக் மாணவர் வைண்டிங் பிரிவில் பயிற்சிக்கு வரலாமா என்று கேட்டிருந்தார். அவர் இப்போது அங்கேதான் இருக்கிறார்.

இன்னொரு கேள்வி பொள்ளாச்சி டீலருடையது: "எங்கள் ஊரில் சில நாள் 300 வோல்ட்தான் வருகிறது, உங்கள் மோட்டார் தாங்குமா?"

அதற்கு என்ன பதில் எழுதலாம் என்று அப்பா என்னைக் கேட்கவில்லை. அவரே போனை வாங்கி ஒற்றை விரலால் தட்டினார்: "280 வரை ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அதற்கும் கீழே போகும் இடம் என்றால் வாங்க வேண்டாம்."